“தம்பி, இந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சு?”: வார விற்பனை மெயிலில் வரும் கோளாறுகள், சரிசெய்யும் வழிகள்

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்து மேனேஜருக்கு வார ரிப்போர்ட் தட்டியவன் நான். கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று பூச்சிமருந்து, களைக்கொல்லி விற்று ஒன்பது வருடம் பைக் ஓட்டினேன். இப்போது அதே மாதிரி மெயில்கள் வாரம் ஐந்து எனக்கு வருகின்றன. எழுதும்போது தெரியாத கோளாறு படிக்கும்போது பளிச்சென்று தெரிகிறது.

ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொள்கிறேன். ஜூன் 16 திங்கள் முதல் 21 சனி வரை. குறுவை நடவு நேரம். சரக்கு பிரிட்டிலாகுளோர் களைக்கொல்லி. கணக்கு எளிதாக இருக்க லிட்டர் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஜூன் மாத டார்கெட் 20 லட்சம். தொகையெல்லாம் நானே வைத்த உதாரணம்தான், ஆனால் கோளாறுகள் எல்லாம் நிஜத்தில் பார்த்தவை.

கோளாறு 1: மெயிலில் ஒரு தொகை, கணக்குப் பிரிவில் வேறு தொகை

பையன் எழுதுகிறான்: “இந்த வாரம் விற்பனை 5.90 லட்சம்.” திங்கள் காலை மேனேஜர் சிஸ்டத்தைத் திறந்தால் 3.70 லட்சம் என்று காட்டுகிறது. மேனேஜருக்கு முதலில் வரும் எண்ணம் “பையன் அடிச்சு விடுறான்” என்பதுதான். பெரும்பாலும் அது உண்மையில்லை. இரண்டு பேரும் “விற்பனை” என்ற ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

வித்தியாசம் 2.20 லட்சம். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று இடம் தேடினால் போதும்.

முதலில் வரி. வாரத்தில் போட்ட பில்களின் வரியோடு சேர்ந்த மொத்தத்தைக் கூட்டினால் 4.72 லட்சம். அதில் 72 ஆயிரம் ஜிஎஸ்டி. டார்கெட் வரி இல்லாமல் போடப்பட்டது என்றால் கணக்கில் வருவது 4.00 லட்சம்தான். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: உங்கள் தொகையை 1.18ஆல் வகுத்துப் பாருங்கள். கணக்குப் பிரிவின் தொகைக்குப் பக்கத்தில் வந்து நின்றால் குற்றவாளி வரிதான்.

இரண்டாவது, தேதி. சனி மாலை ஆறு மணிக்குப் பாபநாசம் டீலர் போனில் ஆர்டர் சொன்னார், வரியோடு 1.18 லட்சம். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். டெப்போவில் பில் போடுகிறவர் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டார். பில் திங்கள்தான் விழும். ஆர்டர் ஆர்டர்தான், விற்பனை ஆகாது. அதன் இடம் பைப்லைன், அதாவது இனிமேல் பில்லாக வேண்டியவற்றின் பட்டியல்.

மூன்றாவது, திரும்பி வந்த சரக்கு. வலங்கைமான் பக்கம் ஒரு கடைக்காரர் போன சீசன் சரக்கைத் திருப்பினார். வரி போக 30 ஆயிரத்துக்குக் கிரெடிட் நோட் போட்டாயிற்று. பில் போட்டால் நமக்கு மெசேஜ் வரும், கிரெடிட் நோட் போட்டால் வராது. அதனால் விற்பனை அதிகாரியின் கணக்கில் அது எப்போதும் விடுபடும்.

72 ஆயிரம், 1.18 லட்சம், 30 ஆயிரம். கூட்டினால் சரியாக 2.20 லட்சம்.

சரிசெய்வது எப்படி? மெயிலின் முதல் வரியிலேயே எந்த விற்பனை என்று சொல்லிவிடுங்கள்: “வரி நீக்கி, ரிட்டர்ன் கழித்து, சனி மாலை 5 மணி வரை போட்ட பில்.” இந்த ஒரு வரியை எழுதப் பழகிய பிறகு என்னிடம் “எங்கேருந்து வந்துச்சு” என்று யாரும் கேட்டதில்லை. பில் லிஸ்டைச் சனி மாலை டெப்போவில் கேட்டு வாங்குங்கள். உங்கள் பாக்கெட் நோட்டிலிருந்து கூட்டாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் தொகை குறைவாகவே வருகிறது, எக்செல்லில்தான் கூட்டுகிறீர்கள் என்றால் இன்னொரு இடம் பாக்க வேண்டும். B பத்தியில் பில் தேதி, E பத்தியில் தொகை, H1, H2 கட்டங்களில் வாரத்தின் முதல் தேதியும் கடைசி தேதியும் என்றால், வாரத்துக்குள் வரும் பில்களைக் கூட்ட இப்படி ஒரு ஃபார்முலா வைத்திருப்பீர்கள்:

```
=SUMIFS(E:E,B:B,">="&H1,B:B,"<="&H2)
```

தேதியைச் சிலர் 21.06.2025 என்று புள்ளி வைத்துத் தட்டுவார்கள். நம் ஊர் செட்டிங்கில் எக்செல் பெரும்பாலும் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாகத்தான் பார்க்கும். அந்த வரி கூட்டலில் சேராது, எச்சரிக்கையும் வராது. தேதி கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள், தேதியாக இருந்தால் தானாகவே வலப்பக்கம் நிற்கும். உறுதி செய்ய `=ISNUMBER(B2)` போட்டுப் பாருங்கள். FALSE என்று வந்தால் கோடு வைத்து, 21-06-2025 என்று திரும்பத் தட்டுங்கள்.

கோளாறு 2: தொகை சரி, மாதம் நன்றாக முடிந்தது, இரண்டு மாதம் கழித்துச் சரக்கு திரும்பி வருகிறது

இதுதான் எனக்கு வலித்த கோளாறு. ஒரு ஜூன் கடைசியில் டார்கெட்டை எட்டுவதற்காக ஒரு டிஸ்ட்ரிபியூட்டருக்கு 300 லிட்டர் பில் போட்டேன். மெயிலில் “மாதம் முடிந்தது சார்” என்று பெருமையாக எழுதினேன். செப்டம்பரில் பாதிக்கு மேல் அப்படியே லாரியில் திரும்பி வந்தது. என் மெயிலில் ஒரு பொய்கூட இல்லை. இருந்தாலும் அது சொன்ன கதை தப்பு.

நாம் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போடும் பில் பிரைமரி. அவரிடமிருந்து கடைகளுக்குப் போவது செகண்டரி. மெயிலில் பிரைமரி மட்டும் இருந்தால், சரக்கு வயலுக்குப் போகிறதா கோடவுனில் தூங்குகிறதா என்று மேனேஜருக்குத் தெரியாது.

இதற்குப் பெரிய சாஃப்ட்வேர் ஏதும் வேண்டாம். திங்கள் காலை ஸ்டாக், வாரத்தில் உள்ளே வந்தது, சனி மாலை ஸ்டாக். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் வெளியே போனது கிடைக்கும்.

அந்த வாரத்தில் மன்னார்குடி டிஸ்ட்ரிபியூட்டர்: திங்கள் 160 லிட்டர், உள்ளே 200, சனி 290. வெளியே போனது 70 லிட்டர். கும்பகோணம் டிஸ்ட்ரிபியூட்டர்: திங்கள் 220, உள்ளே 120, சனி 60. வெளியே போனது 280 லிட்டர்.

பிரைமரியை மட்டும் பார்த்தால் மன்னார்குடிதான் ராஜா, 200 லிட்டர் எடுத்திருக்கிறார். ஸ்டாக்கைப் பார்த்தால் கதை தலைகீழ். மன்னார்குடியில் இப்போதைய வேகத்துக்கு நாலு வாரச் சரக்கு கிடக்கிறது. கும்பகோணத்தில் ஒரு நாளைக்கு 47 லிட்டர் போகிறது, கையில் இருப்பது ஒன்றேகால் நாள் சரக்கு.

காரணம் ஊரைத் தெரிந்தவருக்குப் புரியும். கும்பகோணம் சுற்றுப்பக்கம் பம்புசெட் வைத்திருப்பவர்கள் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்காமல் நடவை முடித்துவிட்டார்கள். மன்னார்குடிக்குத் தெற்கே வாய்க்காலை நம்பியிருப்பவர்கள் பலர் இன்னும் உழவில் இருக்கிறார்கள். மேட்டூர் ஜூன் 12ஆம் தேதி திறந்தாலும் தண்ணீர் கல்லணை வந்து சேரவே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அங்கிருந்து கிளை ஆறு, வாய்க்கால் என்று பிரிந்து கடைமடைக்குப் போக அதற்கு மேலும் நாளாகும்.

ஸ்டாக் கேட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் “ஒரு இருநூறு இருக்கும்” என்பார். அதை எழுதாதீர்கள். கோடவுனுக்குள் போய்ப் பெட்டியை எண்ணுங்கள். வெளியே போனது கழித்தல் தொகையாக வந்தால், அதாவது இருந்ததையும் வந்ததையும் விடச் சனிக்கிழமை ஸ்டாக் கூடுதலாகத் தெரிந்தால், போன வாரம் யாரோ எண்ணாமல் எழுதியிருக்கிறார்கள். பல தடவை அந்த யாரோ நாமேதான்.

கோளாறு 3: பைப்லைன் வாராவாரம் ஒரே மாதிரி இருக்கிறது

போன வார மெயிலையும் இந்த வார மெயிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஏழு டீலர், அதே தொகை, அதே “பேசிக்கொண்டிருக்கிறோம்” என்றிருந்தால் அது பைப்லைன் இல்லை, விசிட் லிஸ்ட்.

நம் டெல்டாவில் யாரும் முகத்துக்கு நேரே “வேண்டாம்” என்று சொல்வதில்லை. “பார்த்துக்கலாம் தம்பி, டீ சாப்பிடுங்க” என்பார்கள். ஜூனில் “ஆடி பொறக்கட்டும்” என்று ஒருவர் சொன்னால் குறுவைக்கு அவர் எடுக்கப்போவதில்லை என்று பொருள். இதையெல்லாம் “வாய்ப்பு உள்ளது” என்று மொழிபெயர்த்து மெயிலில் எழுதுகிறோம். அங்கேதான் பிசகு.

நான் பையன்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்த டீலர் கடைசியாக என்ன செய்தார்? நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதில்லை, அவர் என்ன செய்தார். வாட்ஸ்ஆப்பில் ஆர்டர் போட்டாரா, செக் கொடுத்தாரா, வண்டி எப்போது வரும் என்று அவரே கேட்டாரா? எதுவுமே இல்லையென்றால் தொகை போடாமல் பெயரை மட்டும் எழுதுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் “கடைசியாக அசைந்த தேதி” என்று ஒரு கட்டம் வையுங்கள். D பத்தியில் அந்தத் தேதி இருந்தால் பக்கத்துக் கட்டத்தில்:

```
=TODAY()-D2
```

விடை எண்ணாக இல்லாமல் ஏதோ 1900ஆம் வருடத் தேதியாக வந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கட்டத்தின் ஃபார்மேட்டை General என்று மாற்றினால் நாள் கணக்கு தெரியும். குறுவைக் களைக்கொல்லியில் பத்து நாளுக்கு மேல் அசையாத வரியை நான் எடுத்துவிடச் சொல்வேன். பத்து நாள் என்பது டிராக்டர் விற்பவருக்குப் பொருந்தாது. எங்கள் சரக்கு நட்ட மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் போட வேண்டியது. அந்த நாள் தாண்டிவிட்டால் விவசாயி வேறு மருந்துக்கோ ஆள் களைக்கோ போய்விடுவார்.

கோளாறு 4: ரிஸ்க் எழுதினால் “அதுக்கு நான் என்னப்பா பண்றது” என்று பதில் வருகிறது

“தண்ணீர் தாமதம், அதனால் விற்பனை பாதிக்கலாம்.” இப்படி எழுதினால் பதில் அப்படித்தான் வரும். கடைமடையில் தண்ணீர் தாமதம் என்பது மேனேஜருக்கும் தெரியும், அவருடைய மேனேஜருக்கும் தெரியும்.

இந்த வரியில் மூன்று விஷயம் குறைகிறது: எவ்வளவு தொகை மாட்டியிருக்கிறது, எந்தத் தேதிக்குள் தெரியும், எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது. அதையெல்லாம் சேர்த்து எழுதினால்:

“திருத்துறைப்பூண்டியில் இரண்டு டீலர், 2.20 லட்சம். வாய்க்காலில் தண்ணீர் 25ஆம் தேதிக்குள் வந்தால் நடவு தொடங்கும், இந்த மாதமே எடுப்பார்கள். வராவிட்டால் மொத்தமும் ஜூலைக்குப் போகும். புதன் காலை நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.”

இப்போது மேனேஜருக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த 2.20 லட்சத்தைத் தன் கணக்கில் ஜூனில் வைப்பதா ஜூலையில் வைப்பதா என்று அவர் முடிவு செய்யலாம். திருத்துறைப்பூண்டிக்கு ஒதுக்கிய சரக்கைக் கும்பகோணத்துக்குத் திருப்பலாம்.

தண்ணீர் ரிஸ்க்கை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த மருந்தை மணலில் கலந்து, வயலில் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும்போது தூவ வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விட ஆரம்பித்தால் நடவு முடிந்த வயலிலும் மருந்து போட வேண்டிய நாளில் தண்ணீர் நிற்காமல் போகலாம், போட்ட மருந்து சரியாக வேலை செய்யாது. அப்போது விற்பனை மட்டும் குறையாது, “மருந்து கேக்கல” என்று புகாரும் வரும். அதனால் முறைப்பாசனம் பற்றிப் பேச்சு அடிபட்டால் அதைத் தனி வரியாக எழுதுங்கள்.

இன்னொன்று. நடந்து முடிந்ததை ரிஸ்க் என்று எழுதாதீர்கள். வலங்கைமான் ரிட்டர்ன் ரிஸ்க் இல்லை, ஏற்கெனவே விற்பனையில் கழித்தாயிற்று.

கோளாறு 5: உதவி கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை

“கும்பகோணத்தில் கிரெடிட் பிரச்சினை உள்ளது, உங்கள் ஆதரவு தேவை சார்.” இந்த வரியைப் படித்துவிட்டு மேனேஜர் தலையாட்டுவார், அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். அவர் யாரிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்பது இதில் இல்லை.

கும்பகோணம் டிஸ்ட்ரிபியூட்டர் 300 லிட்டர் ஆர்டர் கொடுத்திருக்கிறார், 1.50 லட்சம், வரியோடு 1.77 லட்சம். அவருடைய கிரெடிட் லிமிட் 5 லட்சம், ஏற்கெனவே பாக்கி 4.60 லட்சம். சிஸ்டம் பில் போட விடாது. அவரிடம் பேசினால் திங்கள் காலை 80 ஆயிரம் என்இஎஃப்டி அனுப்பச் சம்மதிக்கிறார். பாக்கி 3.80 ஆகும், புது பில்லோடு 5.57. ஆக, லிமிட்டை 6 லட்சமாக ஜூன் 30 வரை ஏற்றினால் போதும்.

உதவி கேட்கும் முன் அந்த 80 ஆயிரத்தைப் பேசி வாங்கியது நம் வேலை. அதைச் செய்யாமல் “லிமிட் ஏற்றுங்கள்” என்று மட்டும் கேட்டால், கணக்குப் பிரிவு மேனேஜரிடம் கேட்கும் முதல் கேள்விக்கே அவரிடம் பதில் இருக்காது.

ஒரு மெயிலில் ஒரு உதவி, மிஞ்சினால் இரண்டு. ஏழு கேட்டால் எது அவசரம் என்று தெரியாமல் ஒன்றும் நகராது. டெமோ பேனர், டீலர் மீட்டிங் பட்ஜெட் எல்லாம் அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம்.

கோளாறு 6: மெயிலைத் திறந்தே பார்ப்பதில்லை

சப்ஜெக்ட் வரியைப் பாருங்கள். “Weekly Report” என்று 30 மெயில் ஒரே பெயரில் இருந்தால் எது எந்த வாரம் என்று தேடக்கூட முடியாது. வாரத் தேதி, விற்பனைத் தொகை, வேண்டிய முடிவு மூன்றும் அந்த வரியிலேயே இருக்கட்டும். எக்செல்லை இணைத்துவிட்டு “இணைப்பில் காண்க” என்று மட்டும் எழுதுவதும் இதே வகைதான். மேனேஜர் போனில் படிக்கிறார், பெரும்பாலும் காரில்.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு அந்த வார மெயில் இப்படி இருக்கும்:

> பொருள்: ஜூன் 16–21, கும்பகோணம் ஏரியா: 3.70 லட்சம், லிமிட் முடிவு திங்கள் 12 மணிக்குள் வேண்டும்
>
> வணக்கம் சார்,
>
> வேண்டிய உதவி: கும்பகோணம் டிஸ்ட்ரிபியூட்டர் லிமிட்டை ஜூன் 30 வரை 5 லட்சத்திலிருந்து 6 லட்சமாக ஏற்றக் கணக்குப் பிரிவில் சொல்ல வேண்டும். திங்கள் காலை 80 ஆயிரம் கட்டுகிறார், புது பில்லோடு பாக்கி 5.57 லட்சம். 12 மணிக்குள் முடிந்தால் சரக்கு அன்று மாலை டெப்போவிலிருந்து கிளம்பும். இல்லையென்றால் செவ்வாய் அவரிடம் ஸ்டாக் இருக்காது.
>
> விற்பனை: வரி நீக்கி, ரிட்டர்ன் கழித்து, சனி மாலை 5 மணி வரை 3.70 லட்சம் (பில் 4.00, ரிட்டர்ன் 0.30). மாதத்தில் இதுவரை 9.30, டார்கெட் 20.
>
> ஸ்டாக்: களைக்கொல்லி கும்பகோணத்தில் 60 லிட்டர், வாரத்தில் 280 போனது. மன்னார்குடியில் 290 லிட்டர், 70தான் போனது. மன்னார்குடிக்கு இந்த மாதம் மேற்கொண்டு பில் போடப்போவதில்லை.
>
> பைப்லைன்: பாபநாசம் 1.00 (ஆர்டர் வந்தது, திங்கள் பில்). கும்பகோணம் 1.50 (லிமிட்டுக்காக நிற்கிறது). வலங்கைமான், நீடாமங்கலம் 1.70 (செக் கொடுத்துவிட்டார்கள், 25ஆம் தேதி சரக்கு). திருத்துறைப்பூண்டி 2.20 (தண்ணீரைப் பொறுத்தது).
>
> ரிஸ்க்: 25ஆம் தேதிக்குள் வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் திருத்துறைப்பூண்டி 2.20 ஜூலைக்குப் போகும். புதன் நேரில் பார்த்துச் சொல்கிறேன்.
>
> மாத முடிவு: லிமிட் கிடைத்தால் 13.50. தண்ணீரும் வந்தால் 15.70. இரண்டும் இல்லாவிட்டால் 12.00.

டார்கெட் 20, கையில் தெரிவது அதிகபட்சம் 15.70. இதை எழுதக் கை நடுங்கும், தெரியும். “கண்டிப்பாக முடித்துவிடுவோம் சார்” என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். ஜூன் 21 அன்று 4.30 லட்சம் குறைகிறது என்று தெரிந்தால் மேனேஜருக்கு வேறு ஏரியாவில் தேட ஏழு வேலை நாள் இருக்கிறது. 30ஆம் தேதி மாலை தெரிந்தால் மன்னார்குடியில் ஏற்கெனவே 290 லிட்டர் கிடக்கும் கோடவுனுக்கே இன்னொரு 300 லிட்டர் போகும்.

இதை அனுப்பியும் திங்கள் பத்து மணிவரை பதில் இல்லையென்றால் இன்னொரு மெயில் போட வேண்டாம். போனை எடுத்து, “சார், லிமிட் விஷயம், பன்னிரண்டு மணி” என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அவர் கையிலேயே இருக்கிறது.